செக்யூரிட்டி கீ: ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா, மூன்றாவது எதற்கு?

கணக்குக்குள் நுழையும்போது கம்ப்யூட்டரில் சொருகியோ போனில் தொட்டோ, நுழைவது நீங்கள்தான் என்று காட்டும் சின்னக் கருவிதான் செக்யூரிட்டி கீ. அதை வாங்கலாம் என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் எந்த பிராண்டு, எந்த மாடல் என்பதிலேயே மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். பெயர் தெரிந்த நிறுவனங்களின் சாவிகளில் எதை எடுத்தாலும் அடிப்படை வேலையை ஒழுங்காகவே செய்யும். யோசிக்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் சாவி தொலைந்துபோன அன்று, உங்கள் கணக்குக்குள் நீங்கள் எந்த வழியாக நுழையப்போகிறீர்கள்? அந்த இரண்டாவது வழி எவ்வளவு பலமானதோ அவ்வளவுதான் கணக்கின் பலமும். முன்வாசலுக்கு எவ்வளவு நல்ல பூட்டு போட்டிருந்தாலும், திருட வருபவன் கொல்லைப்புறத்தைத்தான் முதலில் தள்ளிப் பார்ப்பான்.

எல்லாக் கணக்குகளையும் இங்கே பேசப்போவதில்லை. ஒன்றே ஒன்று: உங்கள் முதன்மை மின்னஞ்சல். மற்ற எந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்தாலும் மாற்றுவதற்கான இணைப்பு அங்கேதான் வந்து விழுகிறது. அது பறிபோனால் மற்றவையும் வரிசையாகப் பின்னால் போகும். அந்த ஒரு கணக்குக்கு என்னென்ன ஏற்பாடுகள் சாத்தியம், எதில் என்ன ஓட்டை இருக்கிறது என்று பார்ப்போம். மெனுப் பெயர்கள் வரும் இடங்களில் கூகுள் கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

சாவி எதைத் தடுக்கிறது

2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே தோன்றும் ஒரு போலிப் பக்கத்துக்கு அது அழைத்துப்போனது. மூன்று பேர் அதை நம்பி யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டார்கள். போலிப் பக்கம் அடுத்ததாக ஆறு இலக்க ஓடிபியைக் கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. கொடுத்திருந்தால் அடுத்த நொடியே திருடர்கள் அதை உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போயிருப்பார்கள். ஆனால் அந்த நிறுவனத்தில் ஓடிபியே கிடையாது, எல்லோரிடமும் செக்யூரிட்டி கீ இருந்தது. பாஸ்வேர்டு கைக்கு வந்தும் திருடர்களால் உள்ளே போக முடியவில்லை. அதே காலத்தில் இதே பாணித் தாக்குதலுக்கு ஆளான ட்விலியோ நிறுவனம் தப்பவில்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், ஓடிபி என்பது மனிதர் கண்ணால் படித்துக் கையால் தட்டும் எண். எந்தப் பக்கத்தில் தட்டுகிறோம் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. செக்யூரிட்டி கீ விஷயத்தில், பிரவுசர் தான் நிற்கும் தளத்தின் டொமைன் பெயரைச் சாவிக்குச் சொல்கிறது. பதிவு செய்தபோது எந்த டொமைனுக்காக உள்ளே ஒரு ரகசியம் உருவாக்கப்பட்டதோ, அந்த டொமைன் வந்து கேட்டால் மட்டுமே சாவி கையெழுத்துப் போடும். ஓர் எழுத்து மாறினாலும் சாவியைப் பொறுத்தவரை அது முன்பின் தெரியாத தளம். நீங்கள் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது.

ஏன் நகல் எடுக்க முடியாது

என் அண்ணிக்கு இதை அமைத்துக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி எல்லோருக்கும் வருவதுதான். அவர் ஒரு சின்ன நிறுவனத்தின் கணக்குவழக்கைப் பார்ப்பவர். வாடிக்கையாளர் கோப்புகளும் வங்கிக் கடிதங்களும் ஒரே கூகுள் கணக்கில்தான் இருந்தன.

“எதுக்கு தம்பி ரெண்டு? ஒண்ணு வாங்கிட்டு, வேணும்னா வீட்டுச் சாவிக்குப் போடற மாதிரி ஒரு டூப்ளிகேட் போட்டுக்கலாமே?”

“டூப்ளிகேட் போட முடியாதுங்கறதுதான் அண்ணி இதோட விசேஷமே.”

சாவியைப் பதிவு செய்யும்போது அதன் உள்ளேயே ஒரு ஜோடி எண்கள் உருவாகின்றன. ஒன்று பொதுவானது, அது கூகுளுக்குப் போகிறது. மற்றது ரகசியமானது, அது சிப்பை விட்டு வெளியே வருவதில்லை. வெளியே எடுக்கும் கட்டளையே கிடையாது. ஆகவே மாற்றுச் சாவி என்பது முதல் சாவியின் நகல் அல்ல. அது தனக்கென வேறொரு ரகசியம் கொண்ட தனிச் சாவி. கணக்கு அதையும் அடையாளம் காண வேண்டுமென்றால், அதையும் தனியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். இரண்டு சாவி வாங்கி ஒன்றை மட்டும் பதிவு செய்துவிட்டு, மற்றதைப் பெட்டி பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பவர்களிடம் இருப்பது ஒரே ஒரு சாவிதான்.

ஒரு சாவி, கூடவே பழைய ஓடிபி

பெரும்பாலானவர்கள் தெரிந்தோ தெரியாமலோ வந்து நிற்கும் இடம் இது. சாவியைப் பதிவு செய்கிறார்கள். ஏற்கெனவே இருந்த எஸ்எம்எஸ்ஸையும், போனிலேயே ஓடிபி உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்பையும் “இருந்துவிட்டுப் போகட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். சாவி தொலைந்தால் சங்கடமே இல்லை, போனை எடுத்து ஆறு இலக்கத்தைத் தட்டினால் போதும்.

உங்களுக்குத் திறக்கும் அந்தக் கதவு திருடனுக்கும் திறக்கும். போலிப் பக்கத்தில் சாவி வேலை செய்யாதல்லவா? அதனால் திருடன் சாவியைக் கேட்கவே மாட்டான். “சாவியைப் படிக்க முடியவில்லை, வேறு வழியில் முயலுங்கள்” என்று ஒரு வரியைக் காட்டி ஓடிபி கேட்பான். அவசரத்தில் இருப்பவர் தட்டிவிடுவார். எஸ்எம்எஸ் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு: உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றி வாங்கிக்கொண்டால் குறியீடு நேராக அவனுக்கே போகும். பாஸ்வேர்டு மட்டும் வைத்திருப்பதைவிட இது மேல்தான். ஆனால் சாவிக்காகச் செலவழித்த பணத்துக்கு இதில் முழுப் பலன் கிடையாது. சாவிக்குப் பழகும் வரை சில நாட்கள் இப்படி இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு சாவி, ஒரு தாளில் பத்துக் குறியீடுகள்

கூகுள் 10 பேக்கப் கோடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மட்டும். இவற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஓடிபி வழிகளை எல்லாம் எடுத்துவிடலாம்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் குறியீட்டையும் போலிப் பக்கத்தில் தட்ட முடியும். தொழில்நுட்ப ரீதியில் இதற்கும் ஓடிபிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடைமுறையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஓடிபி கைக்கெட்டும் தூரத்தில், போனில் இருக்கிறது. தாள் பீரோவுக்குள், கவருக்குள் இருக்கிறது. எழுந்து போய் எடுத்து வருவதற்குள் “எதற்காக இதை இப்போது கேட்கிறது?” என்று ஒரு யோசனை வந்துவிடும். அந்தத் தாமதம்தான் இதன் பாதுகாப்பு. அதே காரணத்தால், கோடுகளைப் போட்டோ எடுத்து கேலரியில் வைத்தாலும், அதே மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பி வைத்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் போய்விடுகிறது.

குறை என்னவென்றால், சாவி தொலைந்த பிறகு அடுத்த சாவி கைக்கு வரும்வரை நீங்கள் இந்தத் தாளை வைத்தே வாழ வேண்டும். வெளியூரில் இருக்கும்போது தொலைந்தால் தாள் வீட்டில் இருக்கும். கையில் பணம் இடிக்கிறது, இப்போதைக்கு ஒரு சாவிதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு இது கௌரவமான ஏற்பாடு. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு சாவி, போனில் பாஸ்கீ

பாஸ்கீ என்பது செக்யூரிட்டி கீயின் அதே தொழில்நுட்பம், சிப்புக்குப் பதில் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருப்பது. டொமைனைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடும் என்பதால் போலிப் பக்கங்கள் இதனிடமும் தோற்றுவிடும். பெரும்பாலும் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு வழியாக உங்கள் மற்ற சாதனங்களுக்கும் தானாகவே ஒத்திசைந்துகொள்ளும். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆக, மாற்றுச் சாவியாகப் போனையே வைத்துக்கொண்டால் என்ன?

மற்ற கணக்குகளுக்கு என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். முதன்மை மின்னஞ்சலுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்கீ கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். போன் தொலைகிறது. புதுப் போன் வாங்குகிறீர்கள். பாஸ்கீயை அதில் இறக்க வேண்டுமானால் முதலில் கூகுள் கணக்குக்குள் போக வேண்டும். கணக்குக்குள் போகத்தான் பாஸ்கீ தேவை. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். வேறொரு கணக்கில், உதாரணமாக ஆப்பிளின் ஐகிளவுட் கீசெயினில், அந்தப் பாஸ்கீ இருந்தால் இந்தச் சுழல் அறுந்துவிடும். ஆனால் இப்போது உங்கள் மின்னஞ்சலின் பாதுகாப்பு அந்த ஆப்பிள் கணக்கின் பாதுகாப்போடு கட்டப்பட்டுவிடுகிறது.

போனும் சாவிக்கொத்தும் பெரும்பாலும் ஒரே பையில்தான் பயணிக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். பை போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இரண்டு சாவி, கூடவே தாள்

என் பரிந்துரை இதுதான். ஒன்று உங்களோடு வரும் சாவி. மற்றது வீட்டில் இருக்கும் சாவி. இரண்டும் ஒரே உட்காரலில் பதிவு செய்யப்பட்டவை. எஸ்எம்எஸ், ஆதென்டிகேட்டர் இரண்டும் நீக்கப்பட்டவை. பேக்கப் கோடுகள் தாளில், இரண்டாவது சாவி இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில்.

இதில் கொல்லைப்புறக் கதவும் முன்வாசலைப் போன்றதே. ஒரு சாவி தொலைந்தால் மற்றொன்றால் உள்ளே போய், தொலைந்ததைப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டு, வேலையைப் பார்க்கலாம். ஆப்பிள் இதை விருப்பமாகக்கூட விடவில்லை. ஐஓஎஸ் 16.3 வழியாக 2023 ஜனவரியில் ஆப்பிள் கணக்குகளுக்குச் செக்யூரிட்டி கீ வசதி வந்தபோதே, குறைந்தது இரண்டு சாவி இருந்தால்தான் இயக்க முடியும் என்று வைத்துவிட்டார்கள். அதிகபட்சம் ஆறு. ஒற்றைச் சாவியோடு வருபவரை உள்ளேயே விடுவதில்லை.

மூன்றாவது சாவி எப்போது தேவைப்படுகிறது? தீ, வெள்ளம், திருட்டு என்று வீடே பாதிக்கப்படும்போது. பாதுகாப்புக்காக இரண்டாவது சாவியை உறவினர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வைத்தால் வேறொரு தொல்லை முளைக்கும். புதிதாக ஒரு கணக்கில் சாவியைப் பதிவு செய்யும்போது லாக்கர் வரை போக வேண்டும். யார் போவார்கள்? “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கையிலிருக்கும் சாவியை மட்டும் பதிவு செய்வோம். ஒரு வருடத்தில் மாற்றுச் சாவி பாதிக் கணக்குகளுக்கு அந்நியமாகிவிடும். கையில் ஒன்று, வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று என்று மூன்று இருந்தால், புதுக் கணக்கில் முதல் இரண்டை உடனே பதிவு செய்துவிடலாம். அடுத்த முறை வெளியே இருக்கும் சாவியை வீட்டுக்கு எடுத்து வந்து அதையும் பதிவு செய்துவிட்டு, வீட்டுச் சாவியை அதன் இடத்துக்கு அனுப்பலாம். நாலைந்து கணக்குகளுக்கு மட்டும் சாவி பயன்படுத்துபவருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மின்னஞ்சல் முடங்கினால் தொழிலே முடங்கும் என்ற நிலையில் இருப்பவருக்குத் தேவை.

இரண்டும் ஒரே மாடலா?

ஒரே மாடலாக இருந்தால் பழக எளிது. வெவ்வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் பழுதுள்ளவையாக ஆகிவிடும் வாய்ப்பு குறைவு. இது கற்பனைக் கவலை இல்லை. 2024 செப்டம்பரில் யூக்ளீக் என்ற பெயரில் ஒரு குறை வெளியானது. இன்ஃபினியான் சிப் வைத்த சாவிகளில், 5.7-க்கு முந்தைய ஃபர்ம்வேர், அதாவது சாவிக்குள் இருக்கும் மென்பொருள், கொண்ட யுபிகோ நிறுவனத்தின் யுபிகீ 5 வரிசையும் உட்பட, ரகசியத்தை மின்காந்தக் கசிவின் மூலம் பிரித்தெடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாவியைக் கைப்பற்றி, பிரித்து, ஆய்வகக் கருவிகளோடு உட்கார வேண்டும் என்பதால் சாதாரணமானவர்களுக்கு அது அவசர ஆபத்தாக இல்லை. ஆனால் யுபிகீயின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்யவே முடியாது. வாங்கும்போது என்ன இருந்ததோ அதுவேதான் கடைசிவரை. 2019-இல் கூகுளின் ப்ளூடூத் டைட்டன் சாவியில் குறை தெரிந்தபோது, அவர்கள் இலவசமாக மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம்விட அன்றாடத்தில் முக்கியம் போர்ட். அண்ணியின் லேப்டாப்பில் யூஎஸ்பி-சி மட்டும் இருந்தது, அலுவலக டெஸ்க்டாப்பில் பழைய யூஎஸ்பி-ஏ. அதனால் யூஎஸ்பி-சி உள்ள யுபிகீ ஒன்று, யூஎஸ்பி-ஏ உள்ள டைட்டன் ஒன்று என்று தேர்ந்தெடுத்தோம். இரண்டிலும் போனுக்கு என்எஃப்சி இருந்தது. போனில் தொட்டு நுழைவதை வாங்கிய அன்றே சோதித்துவிட வேண்டும். எல்லாப் போனும் எல்லாச் சாவியோடும் ஒத்துப்போகும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

பதிவு செய்த அன்று நடந்தது

ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் லேப்டாப்பில் வேலையைத் தொடங்கினோம். எல்லாச் சோதனையும் முடியும்வரை அதிலிருந்து வெளியேறக் கூடாது என்பது முதல் விதி. ஏதாவது பிசகினால் திரும்பி வர அந்த ஜன்னல்தான் இருக்கும்.

கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் Passkeys and security keys என்ற இடத்துக்குப் போய் முதல் சாவியைச் சொருகினோம். புதுச் சாவி என்பதால் பின் நம்பர் ஒன்று வைக்கச் சொன்னது. அதை வைத்து, சாவியின் உலோகப் பகுதியைத் தொட்டதும் பதிவாகிவிட்டது. பட்டியலில் உடனே “கைச்சாவி” என்று பெயரை மாற்றினோம். பெயர் மாற்றாமல் விட்டால், நாளை ஒன்று தொலையும்போது எதை நீக்குவது என்று தெரியாது.

இரண்டாவது சாவியில் சிக்கிக்கொண்டோம். சொருகி, பொத்தானை அழுத்தினதும் பின் கேட்டது. அண்ணி தட்டினார். “சேமிக்கப்பட்டது” என்று வந்தது.

“முடிஞ்சுதா தம்பி?”

“சாவியைத் தொட்டீங்களா அண்ணி?”

“இல்லையே, தொடச் சொல்லவே இல்லையே.”

விண்டோஸ் கேட்டது சாவியின் பின்னை அல்ல, லேப்டாப்பின் பின்னை. பாஸ்கீ சாவியில் ஏறாமல் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. இது அடிக்கடி நடக்கும் பிசகு. பாஸ்கீ உருவாக்கச் சொன்னதும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன்னிடமே சேமிக்கத்தான் முதலில் பார்க்கும். வேறிடத்தில் சேமி என்று சொல்லி, வரும் பட்டியலில் Security key என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்டுபிடிப்பது எளிது: பதிவின்போது சாவியின் விளக்கு மின்னவில்லை, உங்கள் விரல் சாவியைத் தொடவில்லை என்றால் அது சாவியில் பதிவாகவில்லை. அந்தத் தவறான பதிவை நீக்கிவிட்டு, சரியான தேர்வோடு மறுபடி செய்து “வீட்டுச்சாவி” என்று பெயரிட்டோம்.

யுபிகீ வைத்திருப்பவர்கள், உள்ளே உண்மையிலேயே என்ன பதிவாகியிருக்கிறது என்பதை `ykman` கருவியில் பார்த்துவிடலாம். விண்டோஸில் இதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஓட்ட வேண்டியிருக்கும்:

```
ykman fido credentials list
```

சாவியின் பின்னைக் கேட்டுவிட்டு, எந்தத் தளம், எந்த யூசர்நேம் என்று வரிசையாகக் காட்டும். பாஸ்கீயாகச் சேமிக்கப்பட்டவை மட்டுமே இதில் வரும். வெறும் இரண்டாம் கட்டச் சாவியாகப் பதிவு செய்த தளங்கள் சாவிக்குள் இடம் பிடிப்பதில்லை, அதனால் பட்டியலில் தெரியாது. இடம் என்றதும் ஞாபகம் வருகிறது: யுபிகீ 5 வரிசையில் ஃபர்ம்வேர் 5.7-க்கு முன்பு 25 பாஸ்கீ, அதிலிருந்து 100. இப்போதைய டைட்டனில் 250. நாலைந்து முக்கியக் கணக்குகளுக்கு மட்டும் சாவி என்றால் இந்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

அடுத்தது சோதனை. புதிதாக ஒரு பிரைவேட் விண்டோ திறந்து, வீட்டுச்சாவியை மட்டும் சொருகி உள்ளே போனோம். மூடிவிட்டு மறுபடி திறந்து, கைச்சாவியால் போனோம். பதிவானதாகச் சொல்லும் செய்தியை நம்பி இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. மாற்றுச் சாவி வேலை செய்கிறதா என்பதை முதல் சாவி தொலைந்த அன்றைக்குப் பார்ப்பதில் பயன் இல்லை.

இரண்டும் திறந்த பிறகுதான் பழைய வழிகளில் கை வைத்தோம். எஸ்எம்எஸ்ஸுக்கான எண்ணையும் ஆதென்டிகேட்டர் ஆப்பையும் இரண்டு கட்டச் சரிபார்ப்பில் இருந்து நீக்கினோம். இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். கணக்கை மீட்பதற்கான போன் எண் என்று இன்னொன்று வேறு பக்கத்தில் தனியாக இருக்கும். முன்னதை நீக்கினால் இது தானாகப் போகாது. மீட்பு மின்னஞ்சலும் அப்படித்தான். அண்ணியின் மீட்பு மின்னஞ்சல் எப்போதோ திறந்து, பாஸ்வேர்டு மட்டும் போட்டு விட்டுவைத்த பழைய கணக்கு. அதற்கும் அதே இரண்டு சாவிகளைப் பதிவு செய்தோம். பழைய மெயில் ஆப்புக்காக எப்போதோ உருவாக்கிய 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றும் கிடந்தது. சாவி எதையும் கேட்காமலேயே அஞ்சல்களைப் படிக்கவிடும் வழி அது. அதையும் ரத்து செய்தோம்.

கடைசியாகப் பேக்கப் கோடுகளைப் புதிதாக உருவாக்கி அச்செடுத்தோம். புதியவை வந்ததும் பழையவை செல்லாமல் போய்விடும் என்பதால், முன்பு எங்கே எழுதி வைத்தோம் என்று தேட வேண்டிய அவசியமும் இல்லை.

பின்னும் பட்டியலும்

சாவியின் பின்னுக்குக் குறைந்தது 4 எழுத்து வேண்டும். தொடர்ந்து 3 முறை தவறாகப் போட்டால், சாவியைக் கழற்றி மறுபடி சொருகச் சொல்லும். மொத்தம் 8 முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு ரீசெட் செய்வதைத் தவிர வழியில்லை, ரீசெட் என்றால் உள்ளே இருக்கும் எல்லாம் அழிந்து, எல்லாத் தளங்களுக்கும் அது அறிமுகமில்லாத சாவியாகிவிடும். இரண்டு சாவிக்கும் ஒரே பின் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பின் இணையத்தில் எங்கும் போவதில்லை, சாவி கையில் இல்லாதவனுக்கு அதனால் பயனும் இல்லை. தினமும் தொடாத மாற்றுச் சாவிக்குத் தனிப் பின் வைத்து, அதை மறந்துபோகும் ஆபத்துதான் பெரியது.

எந்தெந்தக் கணக்குகளில் எந்தச் சாவி பதிவாகியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைப்பதும் உதவும். பாஸ்வேர்டோ பின்னோ அதில் வேண்டாம், கணக்கின் பெயரும் சாவியின் பெயரும் போதும். ஒரு சாவி தொலைந்தால் எங்கெங்கே போய் நீக்க வேண்டும் என்பதற்கு வேறு எந்தப் பட்டியலும் இருக்காது. சாவியிடம் கேட்க முடியாது, அதுதான் தொலைந்துவிட்டதே.

இதற்கு மேல், இதற்குக் கீழ்

பத்திரிகையாளர், அரசியல்வாதி, தேர்தல் பணியில் இருப்பவர் என்று குறிவைத்துத் தாக்கப்படக் கூடியவர்களுக்கு கூகுளின் அட்வான்ஸ்டு ப்ரொடெக்ஷன் என்ற திட்டம் 2017-இல் இருந்து உண்டு. வெளி ஆப்கள் கணக்கைத் தொடுவதை அது இறுக்குகிறது, கணக்கு மீட்பையும் கடினமாக்குகிறது. சாவி எல்லாம் தொலைந்துவிட்டால் மீட்க சில நாட்கள் ஆகும். அதில் சேர்வதாக இருந்தால் மூன்றாவது சாவியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மறுபக்கம், சாவி எட்டாத இடங்களும் உண்டு. ஏற்கெனவே நுழைந்திருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வைரஸ் புகுந்து, நீங்கள் நுழைந்திருப்பதற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயைத் திருடிக்கொண்டு போனால், அந்தத் திருடனிடம் யாரும் சாவியைக் கேட்க மாட்டார்கள். அவன் ஏற்கெனவே நுழைந்தவனாகத்தான் தெரிவான். கிராக் செய்த மென்பொருள்களை நிறுவும் பழக்கம் உள்ள கம்ப்யூட்டருக்கு இரண்டு சாவி வாங்குவதைவிட, முதலில் அந்தப் பழக்கத்தை விடுவது மேல்.

மின்னஞ்சலைப் போனில் மட்டும் பார்ப்பவர், பெரிய வரவுசெலவு அதில் இல்லாதவர், எந்தச் சின்னப் பொருளையும் தொலைத்துவிடுபவர் என்றால் பாஸ்கீயும் தாளில் கோடுகளும் போதும். அவரைச் சாவிக்குள் தள்ள நான் விரும்பமாட்டேன். சாவிதான் என்று முடிவு செய்தவர் இரண்டாகவே வாங்க வேண்டும். ஒன்றை வாங்கி “அடுத்த மாதம் இன்னொன்று” என்று இருப்பவர், அது வரும்வரை தாளை அச்செடுத்து வைக்கட்டும்.

ஒரு சாவி தொலைந்தால், மாற்றுச் சாவியால் உள்ளே போனதும் முதல் வேலை பட்டியலில் இருந்து தொலைந்ததை நீக்குவது, இரண்டாவது வேலை புதுச் சாவிக்கு ஆர்டர் போடுவது. தொலைந்தது இரண்டு நாள் கழித்துச் சோபாவுக்கு அடியில் கிடைத்தால் தூக்கி எறிய வேண்டாம். ரீசெட் செய்து, புதிய பின் வைத்து, மறுபடி பதிவு செய்யுங்கள், அதுவே மூன்றாவது சாவியாகிவிடும்.